ஒரே கேள்வி, மூன்று வகுப்பு: பிள்ளைகளுக்கான கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் முறை

"பால் பெரிதா, தண்ணீர் பெரிதா?" "சிவப்பு கனமா, மஞ்சள் கனமா?" 1980-இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 5 வயது, 7 வயதுக் குழந்தைகளிடம் இப்படிப்பட்ட அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் பதில் சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள். "இது என்ன கேள்வி?" என்று திருப்பிக் கேட்டவர்கள் குறைவு.

குழந்தைகளுக்குக் கேள்வி எழுதும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். பெரியவருக்குக் கேள்வி புரியவில்லை என்றால் தாளை வெறுமையாக விட்டுவிடுவார், அல்லது எரிச்சல்படுவார். குழந்தையோ புரியாத கேள்விக்கும் பதில் போட்டுவிடும். தாள்கள் எல்லாம் நிரம்பி வரும், எண்ணிப் பார்த்தால் கணக்கும் வரும். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது. தவறு வெளியே தெரியாது என்பதால் எழுதும்போதே அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பொதுவாகப் பேசினால் இது கைக்குப் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் சிறுநீர் வந்தும் போகாமல் அடக்கி வைக்கிறார்களா, ஏன்? ஒரு ஊரில் இதைத் தெரிந்துகொள்ள 2, 5, 9 ஆகிய மூன்று வகுப்புகளில் கேட்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கையில் இருக்கும் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும்:

"பள்ளி வளாகத்தில் உள்ள கழிப்பறை வசதிகளின் தூய்மை மற்றும் நீர் வசதி குறித்து நீங்கள் எந்த அளவிற்குத் திருப்தி அடைகிறீர்கள்?" (மிகவும் திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி)

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று வகுப்புக்கும் பொருத்தமாக மாற்றும் வேலைதான் இனி வருவது.

படி 1: பிள்ளைக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள்

"திருப்தி" என்பது ஒரு பொருளைப் பற்றிய எல்லா அனுபவத்தையும் கூட்டிக் கழித்துச் சொல்லும் தீர்ப்பு. 7 வயதுப் பிள்ளை அப்படிக் கூட்டிக் கழிப்பதில்லை. ஆனால் இன்று பாத்ரூம் போனதா, கதவில் தாழ்ப்பாள் இருந்ததா, பக்கெட்டில் தண்ணீர் இருந்ததா என்பது அதற்கு நன்றாகவே தெரியும். தீர்ப்பைக் கேட்காதீர்கள், பார்த்ததையும் செய்ததையும் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

இதே முறையை உலகளவில் பயன்படுத்தும் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 11, 13, 15 வயது மாணவர்களிடம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டு உடல்நல ஆய்வு ஒன்று, குடும்ப வருமானத்தைப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. அவர்களுக்கு அது தெரியாது. அதற்குப் பதில் வீட்டில் கார் இருக்கிறதா, உனக்கென்று தனி அறை இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து வசதியைக் கணிக்கிறார்கள். நம் ஊர்களுக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. இங்கே பைக், பிரிட்ஜ், வீட்டுக்குள் குழாய் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். முறை மட்டும் அதே.

7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கேள்வித்தாளை நீட்டுவதில் பயனில்லை. பெற்றோரிடமோ டீச்சரிடமோ கேட்டு, பிள்ளையோடு பேசியும் பார்க்கலாம். 2-ஆம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு வாயால் கேட்க வேண்டும். 6 கேள்விக்கு மேல் போகாதீர்கள். 5-ஆம் வகுப்பில் நீங்கள் சத்தமாக வாசிக்க, வகுப்பு முழுவதும் சேர்ந்து நிரப்பலாம். 12 கேள்வி போதும். 9-ஆம் வகுப்பில் அவர்களே வாசித்து நிரப்புவார்கள், 25 வரை தாங்கும். இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் கடைசிக் கேள்விகளில் எல்லாரும் ஒரே கட்டத்தில் வட்டம் போட ஆரம்பிப்பார்கள்.

படி 2: அவர்கள் வாயில் இருக்கும் சொல்

எழுத உட்காருவதற்கு முன்னால் அந்தப் பள்ளியில் ஒரு இன்டர்வெல் நேரம் நின்று கேளுங்கள். "கழிப்பறை" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. "பாத்ரூம்" என்று சொல்லும், சில ஊரில் "டாய்லெட்". "சிறுநீர் கழித்தல்" என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல், பிள்ளைகள் சொல்வது "ஒன்னுக்கு". 9-ஆம் வகுப்பில் "யூரின்" என்பார்கள். கேள்வித்தாளில் "ஒன்னுக்கு" என்று எழுதுவதா என்று தயங்க வேண்டாம். 2-ஆம் வகுப்புக்கு அதுதான் சரியான, துல்லியமான சொல். "சிறுநீர்" என்று கேட்டால் சிலர் குடிதண்ணீரைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்குப் புரிவது "நீர்" மட்டும்தான்.

"வளாகம்", "வசதி", "தூய்மை", "குறித்து", "அளவிற்கு" எல்லாமே அலுவலகத் தமிழ். "பள்ளிக்கூடம்", "இருக்கிறதா", "சுத்தமா" போதும். ஆனால் எளிமை என்பது நீளம் குறைவது மட்டும் இல்லை. "நீர்" சின்னச் சொல், "தண்ணீர்" அதைவிடப் பெரியது. பிள்ளைக்குப் பழகியது இரண்டாவதுதான்.

வினை முடிவில் ஒரு முடிவெடுத்து அதையே கடைசி வரை பிடியுங்கள். 2-க்கும் 5-க்கும் "நீ", 9-க்கு "நீங்கள்". 9-ஆம் வகுப்புப் பிள்ளையை "நீ" என்று அழைத்தால், டீச்சர் கேட்பதுபோல் இருக்கும், பதிலும் டீச்சருக்குச் சொல்வதுபோல் வரும். வாயால் கேட்கும் 2-ஆம் வகுப்புக் கேள்விகளை அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதி வையுங்கள்: "போனியா?", "இருக்கா?" எழுத்துத் தமிழில் எழுதிவிட்டுக் கேட்பவர் வாயால் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் ஆளுக்கு ஒரு விதமாக மாற்றுவார்கள், ஒரே கேள்வி நான்கு கேள்வியாகிவிடும்.

படி 3: தமிழ் வாக்கியம் தரும் தனித் தொல்லைகள்

ஆங்கில வழிகாட்டிகள் "எதிர்மறையில் கேட்காதே" என்று ஒரு வரியில் முடித்துவிடும். தமிழில் அதற்கு இரண்டு காரணம் கூடுதலாக உண்டு.

முதலாவது, நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வரும். "இன்று பள்ளிக்கூடத்தில் பாத்ரூமுக்குப் போக" என்பது வரை கேட்ட பிள்ளை பதிலை முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு வரும் "வில்லையா" காதில் விழுவதில்லை.

இரண்டாவது இன்னும் பெரிய சிக்கல். "நீ பாத்ரூம் போகலையா?" என்று கேட்டால், போகாத பிள்ளை "ஆமா" என்றும் சொல்லலாம் (ஆமா, போகல), "இல்ல" என்றும் சொல்லலாம் (இல்ல, போகல). போன பிள்ளையும் "இல்ல, போனேன்" என்று சொல்லும். ஆக, தாளில் "இல்லை" என்று வட்டம் இருந்தால் அது எந்தப் பிள்ளையின் பதில் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அது பிள்ளையின் தவறும் இல்லை, நம் மொழியில் இரண்டு பதிலும் சரிதான்.

இதற்கான மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. நாம் இயல்பாகப் பதில் சொல்லும்போது "ஆம்", "இல்லை" என்பதைவிட வினையையே திருப்பிச் சொல்கிறோம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." பதில் கட்டங்களையும் அப்படியே எழுதுங்கள்: போனேன் / போகவில்லை. இருக்கிறது / இல்லை. குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலும் கேள்வித்தாள் பாதி சரியாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்து "மற்றும்", "அல்லது", "-உம்". "தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா?" என்றால் தண்ணீர் மட்டும் இருக்கும் பள்ளிப் பிள்ளை என்ன சொல்லும்? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுதி முடித்ததும் தாளில் "-உம்" வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் இரண்டு கேள்வி ஒன்றாக ஒட்டியிருக்கும்.

பிறகு எச்சங்களின் சங்கிலி. "நீ பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று தோன்றியும் போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து போனதுண்டா?" இலக்கணப்படி சரி. ஆனால் முதன்மை வினை வரும் வரை பிள்ளை ஐந்து செயலை மனதில் தூக்கி வைத்திருக்க வேண்டும். 2-ஆம் வகுப்புக்கு ஒரு வாக்கியத்தில் ஒரு வினை, 5-ஆம் வகுப்புக்கு இரண்டு வினை, அதற்கு மேல் வந்தால் வாக்கியத்தை உடையுங்கள்.

படி 4: எந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

"வழக்கமாக", "பொதுவாக" என்ற சொற்களை 5-ஆம் வகுப்பு வரை அடியோடு விடுங்கள். சராசரி எடுக்கும் வேலையை அவை பிள்ளையின் தலையில் வைக்கின்றன. 2-ஆம் வகுப்புக்கு "இன்னைக்கு" மட்டுமே. அதையும் பள்ளி நாளோடு கட்டுங்கள்: "காலைல பிரேயர் முடிஞ்சதுல இருந்து இப்ப வரைக்கும்". இதனால் கேள்வியைக் கேட்கும் நேரம் முக்கியமாகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால்தான் காலை இன்டர்வெலும் சாப்பாட்டு நேரமும் கணக்கில் வரும். காலை 10 மணிக்கு ஒரு வகுப்பிலும் 3 மணிக்கு இன்னொரு வகுப்பிலும் கேட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

5-ஆம் வகுப்புக்கு இன்றும் நேற்றும் கேட்கலாம், ஆனால் திங்கட்கிழமை போய்க் கேட்காதீர்கள். நேற்று ஞாயிறு. 9-ஆம் வகுப்புக்கு "இந்த வாரம் திங்கள் முதல் இன்று வரை" என்று கேட்டு, வெள்ளிக்கிழமை நடத்துங்கள். "கடந்த 7 நாட்களில்" என்பதைவிட இது எளிது, ஏனென்றால் பிள்ளைகள் வாரத்தைக் கால அட்டவணையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படி 5: பதில் எந்த வடிவத்தில்?

எப்போதும், அடிக்கடி, சில சமயம், எப்போதாவது, எப்போதும் இல்லை. பெரியவர்களுக்கான தாள்களில் இந்த ஐந்தும் வரிசையாக இருக்கும். சத்தமாக வாசித்துப் பாருங்கள். முதலாவது, நான்காவது, ஐந்தாவது மூன்றும் "எப்போ" என்றே தொடங்குகின்றன. மெதுவாக வாசிக்கும் பிள்ளை முதல் மூன்று எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும். அப்போது "எப்போதும்" என்பதும் "எப்போதாவது" என்பதும் ஒன்றுதான். தவிர, "அடிக்கடி" என்றால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று முறை, இன்னொரு பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு முறை. இந்தச் சொற்களை எண்ணாக மாற்றிவிடுவதே நல்லது. 9-ஆம் வகுப்புக்கு "0 நாள், 1 நாள், 2 நாள்..." என்று 5 நாள் வரை, அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டம் போட்டு அடக்கி வைத்த நாட்களில் வட்டம் போடச் சொல்லலாம். இரண்டாவது வழி எங்களுக்குப் பிடித்தது. எண்ண வேண்டாம், நினைத்துப் பார்த்தால் போதும்.

சின்னப் பிள்ளைகள் என்றாலே சிரிக்கும் முகம், அழும் முகம் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முகப்படங்களுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1983-இல் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் குழந்தைகளின் வலியை அளக்க ஆறு முகங்களை வரைந்தார்கள். அதில் வலியே இல்லாத முகம் சிரிக்கிறது, அதிக வலி முகம் அழுகிறது. வலி இல்லை, ஆனால் வீட்டு நினைப்பில் சோகமாக இருக்கும் பிள்ளை எதைக் காட்டும்? 2001-இல் திருத்தி வந்த இன்னொரு முக அளவையில் இந்தச் சிக்கலுக்காகவே சிரிப்பும் கண்ணீரும் இல்லை. முதல் முகம் சாதாரணமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதிலிருந்து நமக்கு வேண்டியது: முகம் உணர்ச்சியை மட்டுமே காட்டும். "எத்தனை முறை போனாய்?", "சுத்தமாக இருந்ததா?" என்பதற்கு முகம் போடாதீர்கள். "பாத்ரூமுக்குள்ள போனா உனக்கு எப்படி இருக்கும்?" என்பதற்குப் போடலாம். அப்போதும் இன்னொரு ஆபத்து உண்டு. மிகச் சிறிய பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பெரிதாகச் சிரிக்கும் முகத்தையே காட்டுவார்கள், அது அழகாக இருப்பதால். அதனால் முகம் மூன்றுக்கு மேல் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே அளவில் கறுப்புக் கோட்டில் வரையுங்கள், கலர் அடிக்காதீர்கள். குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் பெட்ஸ்க்யூஎல் என்ற கேள்வித்தாளிலும் 5 முதல் 7 வயது வரை மூன்று முகம், வாயால் கேட்பது. 8 வயதிலிருந்துதான் ஐந்து தேர்வு.

2-ஆம் வகுப்புக்கு முகத்தைவிட நம்பகமான வழி இரண்டு கட்டமாகக் கேட்பது. "பள்ளிக்கூட பாத்ரூமுக்குப் போகப் பிடிக்குமா, பிடிக்காதா?" பதில் வந்ததும், "கொஞ்சமா, ரொம்பவா?" கேட்கும்போது கையைக் குறுக்கி "கொஞ்சமா", விரித்து "ரொம்பவா" என்று காட்டுங்கள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறது, உங்களுக்கு நான்கு படி அளவு கிடைத்துவிடுகிறது. சிறு பிள்ளைகள் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். அதனால் பாதிப் பிள்ளைகளிடம் "பிடிக்காதா, பிடிக்குமா" என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு நிறத்தில் கேள்வி அட்டை அச்சடித்துக்கொண்டால் மறக்காது.

5-ஆம் வகுப்பில் வெட்கம் வந்துவிடும். "அடக்கி வைப்பாயா?" என்று நேராகக் கேட்டால், தப்பு என்று தெரிந்து "இல்லை" போடுவார்கள். இந்த இடத்துக்கு சூசன் ஹார்ட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் கொண்டுவந்த வடிவம் அருமையாகப் பொருந்தும். இரண்டு வகைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி, நீ யார் மாதிரி என்று கேட்பது:

"சில பிள்ளைகள் ஒன்னுக்கு வந்தால் உடனே பள்ளிக்கூட பாத்ரூமுக்குப் போவார்கள். சில பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வரை அடக்கி வைப்பார்கள். நீ யார் மாதிரி?"

இரண்டுமே உலகத்தில் உண்டு என்று கேள்வியே சொல்லிவிடுவதால் பிள்ளை தயங்காது. ஹார்ட்டரின் மூல வடிவத்தில் இதற்குப் பிறகு "முழுக்க அப்படியா, கொஞ்சம் அப்படியா" என்ற இரண்டாம் தேர்வும் அதே வரியிலேயே இருக்கும். பல பிள்ளைகள் இரண்டு பக்கமும் குறி போட்டுவிடுவார்கள். அதனால் தாளில் முதல் தேர்வை மட்டும் வையுங்கள், அல்லது இரண்டாவதை அடுத்த கேள்வியாகத் தனியே போடுங்கள்.

காரணங்களைக் கேட்கும்போது "பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடு" என்று ஒரு பட்டியல் தராதீர்கள். முதல் இரண்டை வட்டமிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக்குங்கள்: "பாத்ரூம் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிறதா? முடிகிறது / முடியவில்லை / தெரியாது." காரணங்களை நீங்களாக யூகிக்கவும் வேண்டாம். முன்சோதனையில் பிள்ளைகள் சொன்னவற்றிலிருந்து எடுங்கள். தண்ணீர் இல்லை, நாறுகிறது என்பதைப் பெரியவர்கள் யோசிப்பார்கள். "பெரிய கிளாஸ் அண்ணனுங்க நிப்பாங்க", "கிளாஸ் நடுவுல கேட்டா மிஸ் விட மாட்டாங்க", "பல்லி இருக்கும்" என்பதைப் பிள்ளைதான் சொல்லும்.

படி 6: தொடங்குமுன் மூன்று பழக்கக் கேள்விகள்

நம் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் என்றால் பரீட்சை. தெரியாது என்று சொல்வது அவமானம், காலியாக விட்டால் மார்க் போகும். இந்த எண்ணத்தைப் பேச்சால் மாற்ற முடியாது, செய்துதான் காட்ட வேண்டும்.

முதல் கேள்வி: "உனக்குத் தோசை பிடிக்குமா?" வட்டம் போடப் பழகுவதற்கு. இரண்டாவது: "யானை மரம் ஏறுமா?" மறுப்புப் பக்கமும் வட்டம் போடலாம் என்று பழகுவதற்கு. மூன்றாவது: "இந்தத் தாளைக் கொண்டுவந்த அக்காவின் பாட்டி பேர் என்ன?" இதற்குச் சரியான பதில் "தெரியாது" மட்டும்தான். ஒரு பிள்ளை "லட்சுமி" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே, "உனக்கு அவங்களைத் தெரியாதில்ல? அப்ப 'தெரியாது'ன்னு சொல்லலாம், அதுவும் நல்ல பதில்தான்" என்று சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். தொடக்கத்தில் சொன்ன பால், தண்ணீர் கேள்விக்கான பாதுகாப்பு இந்த மூன்றாவது கேள்விதான்.

தாளிலும் பரீட்சை வாசனை இருக்கக் கூடாது. "விடையளி" வேண்டாம். மார்க் எண், ரோல் நம்பர், பெயர் எழுதும் கோடு எதுவும் வேண்டாம். டிக் போடச் சொல்லாதீர்கள். டிக் என்பது சரியான விடைக்கு டீச்சர் போடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வட்டம் போடச் சொல்லுங்கள், பாடப்புத்தகப் பயிற்சிகளில் வட்டமிட்டுப் பழகியிருப்பார்கள். எழுத்து 5-ஆம் வகுப்புக்கு 16 புள்ளிக்குக் குறையாமல், ஒரு பக்கத்துக்கு மூன்று கேள்வி. "இல்லை என்றால் 7-ஆம் கேள்விக்குச் செல்க" என்பது 9-ஆம் வகுப்புக்கு மட்டும், அங்கும் ஓரிரு இடத்தில் மட்டும்.

படி 7: வளரிளம் பருவத்தினரிடம் கூடுதலாக

9-ஆம் வகுப்பில் சொல் பிரச்சினை குறைவு. மறைவுதான் பிரச்சினை. பீரியட்ஸ் நாட்களில் நாப்கின் மாற்ற இடம் இருக்கிறதா என்று மாணவிகளிடம் கேட்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது. ஆனால் மாணவிகளின் தாள் நான்கு பக்கம், மாணவர்களின் தாள் மூன்று பக்கம் என்று இருந்தால் அந்தக் கூடுதல் பக்கத்தில் என்ன என்று பக்கத்து பெஞ்ச் எட்டிப் பார்க்கும். இரண்டு தாளையும் ஒரே பக்க எண்ணிக்கையில் அமையுங்கள். சீக்கிரம் முடிப்பவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் விளையாட்டு வையுங்கள், அப்போது யார் எவ்வளவு எழுதினார்கள் என்று தெரியாது. வகுப்பாசிரியர் வெளியே இருக்கட்டும். தாளை மடித்து அவர்களே பெட்டியில் போடட்டும்.

ஒப்புதல் விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன: பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

"நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாத்ரூம் பக்கம் யார் நிற்கிறார்கள், ஏன் பயம் என்று கேட்கும் தாளில் பாலியல் தொல்லை வெளியே வர வாய்ப்பு உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் தாளின் மேலே இப்படி எழுதுங்கள்: "உங்கள் பதிலை ஆசிரியரிடமோ வீட்டிலோ காட்ட மாட்டோம். யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உதவக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்." பெயர் இல்லாத தாளில் எழுதிய பிள்ளையைத் தேடிப் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அச்சிடுங்கள், யாராவது தனியாகப் பேச வந்தால் பேச ஒருவரை அங்கே இருத்துங்கள்.

படி 8: முன்சோதனை

வகுப்புக்கு 5 அல்லது 6 பிள்ளைகள் போதும். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் டீச்சர் அனுப்பி வைப்பார், அது வழக்கம். வாசிக்கத் தடுமாறும் இருவரையும் கேட்டு வாங்குங்கள். ஊரக இந்தியாவில் வாசிப்பை அளக்கும் ஏசர் ஆய்வில் 5 முதல் 16 வயது வரை எல்லாருக்கும் 2-ஆம் வகுப்பு அளவிலான கதை வரைதான் கொடுக்கிறார்கள், மேல் வகுப்புப் பிள்ளைகளிலும் பலர் அதில் நின்றுவிடுகிறார்கள். நீங்களும் 2-ஆம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். 9-ஆம் வகுப்பில் இருவர் திணறினால் அங்கேயும் கேள்விகளைச் சத்தமாக வாசித்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு கேள்வி முடிந்ததும், "இதுல என்ன கேட்டிருக்காங்க, உன் வார்த்தைல சொல்லு" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது, எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். பிள்ளை கேள்வியை அப்படியே திருப்பிச் சொன்னால் புரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னால், சரியான விடையைத் தேடுகிறது. "நம்ம ஸ்கூல்லயா, வீட்லயா?" என்று கேட்டால், கேள்வியில் இடம் விட்டுப்போயிருக்கிறது. ஆறில் இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்தக் கேள்வியை மாற்றி, வேறு பிள்ளைகளிடம் மறுபடி சோதியுங்கள்.

தாள்கள் வந்த பிறகு

யானை மரம் ஏறும் என்று வட்டம் போட்ட தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே வட்டம் போட்ட தாள்களையும் எடுங்கள். 40 பேரில் இரண்டு மூன்று இப்படி வருவது இயல்பு. பத்துப் பன்னிரண்டு வந்தால் தவறு தாளில்தான் இருக்கிறது.

அதன் பிறகு நேராகப் போய் அந்த பாத்ரூமைப் பாருங்கள். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 9-ஆம் வகுப்பில் எல்லாரும் "முடியவில்லை" என்று போட்டிருக்கிறார்கள், 5-ஆம் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு "முடிகிறது" என்று போட்டிருக்கிறார்கள் என்றால், நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு எப்படி என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். தோழி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வதை "தாழ்ப்பாள் போடுவது" என்று எண்ணியிருக்கலாம். அப்படியானால் கேள்வி இரண்டாகப் பிரிய வேண்டும்: "கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா?" "உள்ளே போகும்போது வெளியே யாராவது கதவைப் பிடித்துக்கொள்கிறார்களா?" இந்த இரண்டாவது கேள்வி உங்கள் முதல் வரைவில் எங்குமே இல்லாதது. அடக்கி வைப்பதற்கான காரணத்தில் பாதி அதில்கூட இருக்கலாம், ஏனென்றால் கதவைப் பிடிக்கத் தோழி வராத நாளில் அந்தப் பிள்ளை பாத்ரூம் போகாது.